அச்சகம் மாறினாலும் லோகோ மாறாமல் இருக்க: பிராண்ட் கையேட்டை எழுதும் முறை

மருதமுனையில் கைத்தறிச் சாறி, சாரம், பெட்ஷீட் விற்கும் ஒரு கடையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பு நகரில் அதற்கு ஒரு கிளை இருக்கிறது. பில் புத்தகத்தை கல்முனையில் அடிக்கிறார்கள், பெனரை மட்டக்களப்பில் அடிக்கிறார்கள், துணிப்பை காத்தான்குடியில் ஸ்கிரீன் பிரிண்ட் ஆகிறது. பேஸ்புக் போஸ்ட் போடுவது வீட்டிலிருந்து வேலை செய்யும் ஒரு டிசைனர். இந்த நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. கடையின் நீலம் ஒருவரிடம் ஊதாவாகிறது, இன்னொருவரிடம் கறுப்பாகிறது. பெயர்ப்பலகையில் இருக்கும் எழுத்து பையில் இல்லை.

லோகோ, நிறம், எழுத்து எப்படி வர வேண்டும் என்று சொல்லி இவர்களுக்குக் கொடுக்கும் பிராண்ட் கையேடு எட்டுப் பக்கத்தைத் தாண்டினால் யாரும் படிக்கப்போவதில்லை. இரவு எட்டு மணிக்கு மெஷினை ஓட்டப்போகும் ஒருவர் போன் எடுத்து, “காக்கா, எந்த நீலம்?” என்று கேட்காமலே வேலையை முடிக்க என்ன தெரிய வேண்டுமோ அது மட்டும் உள்ளே இருந்தால் போதும். கடையின் வரலாறு, இலட்சியம், “நமது நிறம் நம்பிக்கையைக் குறிக்கிறது” போன்ற வரிகள் எதுவும் வேண்டாம்.

1. எழுதத் தொடங்கும் முன்

கடையிலிருந்து வெளியே போகும் அச்சுப் பொருள்கள் எல்லாவற்றையும் முதலில் ஒரு மேசையில் பரப்புங்கள். பில் புத்தகம், விசிட்டிங் கார்ட், துணிப்பை, சாறியில் தொங்கும் அட்டை, விலை ஸ்டிக்கர், ரப்பர் முத்திரை என்று வரும். பெனரையும் வாகன ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து வையுங்கள். கையேட்டின் பக்கங்களைத் தீர்மானிப்பது இந்த மேசைதான். இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு வெளிநாட்டு மாதிரியை வைத்துத் தொடங்கியவர்கள் விமான நிலைய விளம்பரத்துக்குப் பக்கம் ஒதுக்கிவிட்டு ரப்பர் முத்திரையை மறந்துவிடுவதைப் பார்க்கிறேன்.

அடுத்தது லோகோவின் மூலக் கோப்பு. ‘.pdf’ அல்லது ‘.ai’ என்று பெயர் முடிந்தால் போதாது. திறந்து, காட்டும் அளவை உச்சத்துக்குக் கொண்டுபோய் ஓர் எழுத்தின் விளிம்பைப் பாருங்கள். கோடு கூராக இருந்தால் அது வெக்டர். படிபடியாகச் சதுரங்கள் தெரிந்தால் யாரோ ஒரு போட்டோவை உள்ளே வைத்துச் சேமித்திருக்கிறார்கள். அப்படியென்றால் வேலையை நிறுத்திவிட்டு லோகோவை மறுபடி வரைய வேண்டும். இதைத் தள்ளிப்போட்டால் எட்டடி பெனர் அடிக்கிற அன்று, பிளெக்ஸ் கடைக்காரரே தன் கைப்பட வரைந்துகொள்வார். அன்றிலிருந்து உங்களுக்கு இரண்டு லோகோ.

மூன்றாவதாக, வேலை கொடுக்கும் ஒவ்வோர் இடத்திலும் எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய CorelDRAW வைத்திருப்பவரிடம் புதிய பதிப்பில் சேமித்த கோப்பைக் கொடுத்தால் திறக்காது. அவருக்கு எது திறக்குமோ அதுவும் உங்கள் கோப்புறையில் இருக்க வேண்டும்.

2. லோகோ: நான்கு வடிவம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை

முழு நிறம், ஒற்றை நிறம், கருமையான பின்னணிக்கு வெள்ளை, மிகச் சிறிய இடத்துக்கான சின்னம் என்று நான்கு வடிவம் தேவை. வடிவத்தைக் காட்டுவதோடு நிறுத்தாமல், எது எங்கே வரும் என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள். நம் கடைக்கு விசிட்டிங் கார்டிலும் பெனரிலும் முழு நிறம். பில் புத்தகம், முத்திரை, ஒரே மையில் அடிக்கும் பை ஆகியவற்றில் ஒற்றை நிறம். நீலத் துணிப்பையில் வெள்ளை. விலை ஸ்டிக்கரில் சின்னம் மட்டும்.

ஒற்றை நிற வடிவத்தைத் தனியாக வரைந்து கொடுக்காவிட்டால், அச்சகத்தில் முழு நிற லோகோவை அப்படியே சாம்பலாக்கிவிடுவார்கள். மஞ்சள் பகுதி வெளிறிய சாம்பலாகி, பில் தாளில் புள்ளி புள்ளியாக விழும். ஒற்றை நிறம் என்றால் ஒவ்வொரு பகுதியும் முழு மை, அல்லது வெறும் தாள். இடையில் எதுவும் இருக்கக்கூடாது.

மிகக் குறைந்த அளவை ஊகித்து எழுதாதீர்கள். லோகோவை 30, 25, 20, 15 மில்லிமீற்றர் அகலங்களில் ஒரே தாளில் வைத்து, இருப்பதிலேயே சுமாரான அச்சில், அதாவது பில் புத்தகம் அடிக்கும் மெஷினில், அடித்துப் பாருங்கள். தமிழ் எழுத்தில் ண, ஞ, ழ போன்றவற்றின் சுழிகள்தான் முதலில் மையால் அடைபடும். எந்த அளவில் அடைபடுகிறதோ அதற்கு ஒரு படி மேலே உள்ளதுதான் உங்கள் எல்லை. நம் கடையின் லோகோவில் 20 இல் ‘ண’ அடைபட்டால் எல்லை 25 என்று எழுத வேண்டும். அதற்குக் கீழே சின்னம் மட்டும். இருண்ட பின்னணியில் வெள்ளை எழுத்து இன்னும் சீக்கிரம் அடைபடும், ஏனென்றால் சுற்றியுள்ள மை உள்ளே பரவுகிறது. ஆகவே வெள்ளை வடிவத்துக்கு எல்லையைத் தனியே சோதியுங்கள்.

லோகோவைச் சுற்றி விடவேண்டிய வெற்றிடத்தை மில்லிமீற்றரில் சொல்லாமல் லோகோவில் உள்ள ஓர் எழுத்தின் உயரத்தால் சொல்லுங்கள். கார்டிலும் பெனரிலும் அதே விதி தானாகப் பொருந்தும்.

3. பெயர் மூன்று மொழியிலும்

அம்பாறை மாவட்டத்தில் வியாபாரம் என்றால் சிங்களப் பெயர் இல்லாமல் முடியாது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் ஒன்றாக அடுக்கி, இடைவெளியும் அளவும் தீர்மானித்து, எழுத்தாக அல்லாமல் வரைபடமாக மாற்றி, ஒரே கோப்பாகக் கொடுங்கள். Illustrator இல் இதற்கு Ctrl+Shift+O, CorelDRAW இல் Ctrl+Q. யாரும் உங்கள் பெயரை மறுபடி தட்டெழுத வேண்டிய தேவையே வரக்கூடாது.

மாற்றுவதற்கு முன், சிங்களத்தைச் சிங்களம் வாசிக்கும் ஒருவரிடம் காட்டுங்கள். கூட்டெழுத்துகள் உடைந்து இரண்டு தனி எழுத்தாக நிற்பது நம் கண்ணுக்குத் தெரியாது. அவருக்கு ஒரு நொடியில் தெரியும். வரைபடமாக்கிய பிறகு பிழை கண்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே வரிசை இதுதான்: தட்டெழுது, வாசிக்கக் கொடு, பிறகு மாற்று.

இதே பக்கத்தில் ஊர்ப்பெயர் முதல் முகவரி வரை எழுத்துக்கூட்டலையும் நிலைப்படுத்துங்கள். Maruthamunai என்றும் Marudamunai என்றும் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். கடை எதைப் பாவிக்கிறதோ அது கையேட்டில் இருக்க வேண்டும். தொலைபேசி இலக்கத்தில் எங்கே இடைவெளி விடுவது என்பதும் இங்கேதான் வர வேண்டும்.

4. நிறம்: அச்சில் முடிவுசெய்து, பிறகு திரைக்கு வாருங்கள்

அதிகப் பணம் வீணாவது இந்த இடத்தில்தான். பெரும்பாலானோர் போன் திரையில் அழகாகத் தெரிந்த நீலத்தைப் பிடித்துக்கொண்டு அச்சகத்துக்குப் போகிறார்கள். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. திரையில் தெரியும் பளிச்சென்ற நீலம், பச்சை, செம்மஞ்சள் பலவற்றை, C நீலம், M மஜெந்தா, Y மஞ்சள், K கறுப்பு என்ற அச்சின் நான்கு மையால் எட்டவே முடியாது. திரையிலிருந்து தொடங்கினால் எந்த அச்சகம் அடித்தாலும் ‘மங்கிவிட்டது’ என்றுதான் சண்டை வரும். அச்சில் வரக்கூடியதைத் தெரிவுசெய்து, அதற்குக் கிட்டிய திரை நிறத்தைப் பிறகு எடுத்தால் இரண்டு பக்கமும் ஒத்துப்போகும்.

கடையின் நீலம் முதலில் C100 M95 Y10 K0 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திரையில் அது நல்ல நீலம். அச்சில் கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விடும். நீல மையும் மஜெந்தா மையும் ஏறக்குறைய ஒரே அளவில் சேர்ந்தால் ஊதாதான் கிடைக்கும். மஜெந்தா, நீல மையைவிடக் குறைந்தது 30 புள்ளி கீழே இருந்தால் நீலம் நீலமாக நிற்கும். ஆகவே C100 M60, C100 M65, C100 M70 என்று மூன்று கட்டங்கள் போட்டு, மூன்றிலும் Y15 K30 வைத்து, விசிட்டிங் கார்ட் அடிக்கும் அதே அட்டையில் ஒரு துண்டு அடித்துத் தரச்சொல்லுங்கள். வேறு யாருடைய வேலையோடும் ஓரத்தில் சேர்த்து அடித்துத் தருவார்கள், பெரிய செலவில்லை.

துண்டைக் கடையின் எல்இடி விளக்கில் பார்க்காமல், பகல் வெளிச்சத்தில் வாசலுக்கு வந்து பார்த்துத் தெரிவுசெய்யுங்கள். அதன் பின் கையேட்டில் எழுத வேண்டியது இவ்வளவுதான், # என்று தொடங்குவது திரைக்கான எண்:

```
நீலம்    C100 M70 Y15 K30   #0B3C6F
மஞ்சள்   C0 M30 Y95 K0      #FDB825
கறுப்பு  C0 M0 Y0 K100      #1A1A1A
```

கறுப்பு K100 மட்டும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டிசைனர்கள் திரைக்கான RGB நிறத்தில் வேலைசெய்து கடைசியில் மாற்றும்போது கறுப்பு நான்கு மையாகப் பிரிந்துவிடும். நான்கு தட்டும் மயிரிழை விலகினால் சிறிய எழுத்தைச் சுற்றி நிறமாக ஒரு நிழல் தெரியும். ஒரே மையில் அடித்தால் விலகுவதற்கு எதுவும் இல்லை.

எண்களோடு, தெரிவுசெய்த அந்த அச்சுத் துண்டையும் வெட்டி, கையேட்டின் தாள் பிரதியில் ஒட்டி, திகதியும் தாளின் வகையும் எழுதுங்கள். எண் ஒவ்வொரு மெஷினிலும் சற்று வேறுபடும். மெஷின் ஓட்டுபவர் மையைக் கூட்டிக் குறைப்பது கையில் இருக்கும் துண்டைப் பார்த்துத்தான். வாசலில் தொங்கும் பழைய பெனரைப் பார்த்து நிறம் எடுக்கச் சொல்லவே வேண்டாம். வெயிலில் மஜெந்தாவும் மஞ்சளும் மங்கிய பிறகு அங்கே இருப்பது உங்கள் நிறமல்ல.

துணிப்பைக்கு இந்த எண்கள் உதவாது. ஸ்கிரீன் பிரிண்டில் மையைக் கலந்து ஒரே நிறமாக அடிக்கிறார்கள். அவர் பார்த்துக் கலக்க ஒரு துண்டு கொடுங்கள். கலந்த மைகளை அடையாளம் காட்டும் பான்டோன் எண் பாவிப்பதானால் பளபளத் தாளுக்கான C, சாதாரணத் தாளுக்கான U இரண்டையும் எழுதுங்கள். ஒரே மை அந்த இரண்டு தாளிலும் வேறாகத் தெரியும்.

கடைசியாக, எவ்வளவு விலகலை ஏற்பீர்கள் என்பதைச் சொற்களில் எழுதுங்கள். ‘பெனரில் நீலம் சற்று வெளிறலாம், ஊதாப் பக்கம் போகக்கூடாது. துணியில் சற்று இருளலாம். பச்சைப் பக்கம் போகக்கூடாது.’ இப்படி ஒரு வரி இருந்தால் மெஷின் ஓட்டுபவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் மறுபடி அடிக்கச் சொல்ல ஓர் அடிப்படை.

5. எழுத்துரு

நம் பகுதி அச்சகங்களில் பாமினி எழுத்துரு இன்னும் உயிரோடு இருக்கிறது. கல்யாணக் கார்டிலிருந்து பில் புத்தகம்வரை அதில்தான் தட்டெழுதுகிறார்கள். அதைக் குறை சொல்லிப் பயனில்லை. கையேடு அதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

பாமினியில் எழுதியது உண்மையில் ஆங்கில எழுத்துகளின் வரிசை. ‘தமிழ்’ என்று தெரிவதை வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் இப்படி வரும்:

```
jkpo;
```

டிசைனர் யூனிகோட்டில் அனுப்பியதை அச்சகத்தில் பாமினிக்கு மாற்றும்போது எழுத்துகள் விழுந்துவிடுவதும், கொம்பு இடம்மாறுவதும் இதனால்தான். வசனங்களின் மூலப்பிரதி எப்போதும் யூனிகோட்டில் இருக்க வேண்டும். அச்சகத்துக்குப் போகும் கோப்பில் எழுத்து வரைபடமாக மாறியிருக்க வேண்டும். கையேட்டில் இந்த இரண்டு விதியையும் ஒரே பத்தியில் எழுதுங்கள். அச்சகமே தட்டெழுதித்தான் ஆக வேண்டும் என்ற இடங்களில், பில் புத்தகத்தின் கீழ்வரி போல, அந்த வரியை முழுதாகக் கையேட்டில் அடித்து வையுங்கள். பார்த்து ஒப்பிட அவர்களுக்கு அது வேண்டும்.

எந்த எழுத்துரு என்று தெரிவுசெய்யும்போது எல்லோரும் இலவசமாக நிறுவக்கூடியதை எடுங்கள். Noto Sans Tamil, Noto Sans Sinhala, Noto Sans மூன்றும் ஒரே குடும்பம், திறந்த உரிமம், பல தடிமன்கள் உண்டு. பக்கம் பக்கமாக வைத்தால் மூன்று மொழியும் ஒத்த கனத்தில் தெரியும். விலைகொடுத்து வாங்கும் அழகான எழுத்துருவை ஆசைப்பட்டு எடுத்தால், டிசைனர் மாறிய மறுநாள் அது எவரிடமும் இருக்காது.

ஒரே புள்ளி அளவில் தமிழ் ஆங்கிலத்தைவிட நீளமாக ஓடும், மேலும் கீழும் இடம் கேட்கும். ஆங்கிலத்தில் 6 புள்ளியில் வாசிக்கக்கூடிய வரியைத் தமிழில் 7 அல்லது 8 புள்ளியில் வையுங்கள், வரி இடைவெளியையும் கூட்டுங்கள். ஆங்கிலத்துக்காக வரைந்த கட்டத்துக்குள் தமிழை நெருக்கி அகலத்தைச் சுருக்குவது வழக்கமான பிழை. ‘எழுத்தைப் பக்கவாட்டில் சுருக்கவோ இழுக்கவோ கூடாது, இடம் போதாவிட்டால் சொற்களைக் குறையுங்கள்’ என்று எழுதிவிடுங்கள்.

இதோடு ஒரு சோதனை வரியும் கொடுங்கள். நம் கடைக்கு இது போதும்:

```
மருதமுனை, மட்டக்களப்பு, தொலைபேசி, கோடை, கௌரவம், நெசவு, ஸ்ரீ
```

டிசைனர் தன் மென்பொருளில் முதலில் இந்த வரியை ஒட்டிப் பார்க்க வேண்டும். ‘தொ’, ‘நெ’ ஆகியவற்றில் கொம்பு எழுத்துக்கு வலப்பக்கம் போய் நின்றால் அந்த மென்பொருளில் தெற்காசிய எழுத்து அமைப்பு இயங்கவில்லை. InDesign என்றால் Adobe World-Ready Paragraph Composer என்பதைத் தெரிவுசெய்தால் சரியாகும். வேலை முடிந்து அடித்த பிறகு ஐந்நூறு கார்டில் கண்டுபிடிப்பதைவிட இது மலிவு.

6. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பகுதி

அச்சகக்காரர் உண்மையில் திறந்து பார்ப்பது இந்தப் பக்கங்களைத்தான். மேசையில் பரப்பிய ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு படமும் நாலைந்து வரியும் போதும்: அளவு, லோகோவின் எந்த வடிவம், எந்த நிறம், எந்தத் தாள், எந்தக் கோப்பு.

விசிட்டிங் கார்டுக்கு, வெட்டும் கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீற்றர் நிறம் நீள வேண்டும், உள்ளே 4 மில்லிமீற்றருக்குள் எழுத்து வரக்கூடாது. வெட்டும் கத்தி சற்று விலகினால் வெள்ளை ஓரம் தெரியாமலும், இலக்கத்தின் கடைசி எண் அறுபடாமலும் இருக்க இது.

பெனருக்கு அளவை அடிக் கணக்கில் கொடுங்கள். ஓரத்தில் மூன்று அங்குலம் வெறுமையாக விடுங்கள், ரிங் அடிப்பதும் சட்டத்தில் மடிப்பதும் அங்கேதான். போட்டோ உண்மையான அளவில் 72 முதல் 100 டீபீஐ இருந்தால் போதும். கார்டுக்குச் சொல்லும் 300 ஐ இங்கேயும் கேட்டால் கோப்பு திறக்கவே நேரமாகும். எழுத்தின் உயரத்துக்குப் பத்தடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கிடுங்கள். கல்முனை வீதியின் எதிர்ப்பக்கத்திலிருந்து, நாற்பது அடி என்று வைத்தால், கடைப்பெயர் குறைந்தது நான்கு அங்குலம் இருக்க வேண்டும். தொலைபேசி இலக்கத்தைவிடக் கடைப்பெயர் சிறிதாக இருக்கும் பெனர்கள் நம் ஊரில் ஏராளம்.

பில் புத்தகத்துக்கு ஒரு மை, நீலம் அல்லது கறுப்பு, இரண்டில் ஒன்றைத் தீர்மானித்து எழுதுங்கள். ‘இரண்டும் சரி’ என்றால் அடுத்த முறை பச்சையில் வரும்.

பேஸ்புக்குக்கு லோகோ எந்த மூலையில், எவ்வளவு அகலத்தில் என்பது மட்டும் போதும். டிசைனருக்குக் கொஞ்சம் கை வீசவும் இடம் வேண்டும்.

7. கோப்புறையும் ஒப்புதலும்

கையேட்டோடு ஒரு கோப்புறை போக வேண்டும். பெயர்களைப் பார்த்தாலே வேலை தெரிய வேண்டும்:

```
logo_fullcolour_cmyk.pdf
logo_onecolour_blue.pdf
logo_white.pdf
logo_symbol.pdf
logo_screen.png
```

‘final’, ‘final2’, ‘newfinal’ போன்ற பெயர்கள் எதுவும் உள்ளே இருக்கக்கூடாது. கூகுள் டிரைவில் வைத்து, பார்க்க மட்டும் அனுமதி கொடுத்து, இணைப்பைக் கையேட்டின் முதல் பக்கத்தில் போடுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பியே ஆக வேண்டுமென்றால் டொக்கியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கும், பின்னணி இல்லாத லோகோ ஒரு பெட்டிக்குள் அடைபட்டுப் போய்ச் சேரும்.

முதல் பக்கத்தில் இன்னும் மூன்று விடயம் வேண்டும்: பதிப்பு எண்ணும் திகதியும், அடிப்பதற்கு முன் மாதிரியைப் பார்த்துச் சரி சொல்லும் ஒரே ஒருவர், அவர் இல்லாதபோது யார். கடையில் தம்பி ஒன்று சொல்ல, மச்சான் இன்னொன்று சொல்ல, அச்சகத்தார் கடைசியாகப் பேசியவரின் சொல்லைக் கேட்பார். மாதிரியைப் போன் திரையில் பார்த்துச் சரி சொன்னால் எழுத்துப் பிழைக்கு மட்டுமே அது செல்லும். நிறத்துக்கு, அதே தாளில் அடித்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் ‘சரி’ என்று எழுதுங்கள்.

புதிய பதிப்பு வந்ததும் நான்கு இடங்களுக்கும் தாள் பிரதியை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அச்சகக் கொம்பியூட்டரில் உங்கள் பெயரில் உள்ள பழைய லோகோக்களையும் அப்போதே அழிக்கச் சொல்லுங்கள். அவசரத்தில் யாரும் கையேட்டைத் தேட மாட்டார்கள். போன முறை அடித்த கோப்பைத்தான் திறப்பார்கள்.